பேனா எந்தக் கையில்? இடக்கை விதியில் மதிப்பெண் நழுவும் இடங்கள்

சேலத்தில் மொட்டை மாடியில் டியூஷன் எடுப்பதில் ஒரு வசதி உண்டு. வடக்கே பார்த்தால் சேர்வராயன் மலை நிற்கும். அம்மாப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வடக்கு என்றாலே ஏற்காட்டுப் பக்கம்தான். காந்தவியல் பாடம் வந்தால் எல்லாரையும் எழுந்து மலையைப் பார்த்து நிற்கச் சொல்வேன். காரணம் பின்னால் வரும்.

பத்தாண்டாக விடைத்தாள் திருத்துகிறேன். மின்னோட்டம் பாயும் கம்பியின் மீது விசை எந்தப் பக்கம் என்ற கேள்வியில் தப்பு செய்கிறவர்களில் பலருக்கு விதி தெரியும். வரிக்கு வரி ஒப்பிப்பார்கள். தவறுவது கை.

முதலில் பேனா விஷயம். தேர்வறையில் வலது கையில் பேனா இருக்கிறது. சும்மா இருப்பது இடது கை. ஃபிளமிங்கின் இடக்கை விதிக்கு அது தோதாகிவிடுகிறது, விடையும் சரியாக வருகிறது. அடுத்த கேள்வி கம்பியைச் சுற்றியுள்ள காந்தப்புலம் எந்தத் திசையில் என்று கேட்கும். அதற்கு வலக்கை பெருவிரல் விதி வேண்டும்: பெருவிரல் மின்னோட்டத்தின் திசையில், மடங்கிய மற்ற விரல்கள் புலம் சுற்றும் திசையில். பிள்ளை பேனாவைக் கீழே வைக்காமல் அதே இடது கையை மடக்கிப் பார்க்கும். கிழக்கிலிருந்து மேற்கே போகும் கிடையான கம்பிக்கு நேர் கீழே புலம் தெற்கு நோக்கி இருக்க வேண்டும், இடது கையோ வடக்கு என்று சொல்லும். இடது கையால் எழுதும் பிள்ளைகளுக்கு இதே தொல்லை தலைகீழாக வரும். அவர்கள் விசைக் கேள்வியில்தான் மாட்டுவார்கள். ஆகவே திசை கேட்டால் முதல் வேலை பேனாவை மேசையில் வைப்பது.

எந்தக் கை என்ற குழப்பத்துக்கு மோட்டார், ஜெனரேட்டர் என்று மனப்பாடம் செய்வது போதாது, கேள்வியில் அந்தச் சொற்கள் இல்லாமலே போகலாம். கேள்வி எதைக் கொடுத்து எதைக் கேட்கிறது என்று பாருங்கள். மின்னோட்டத்தைக் கொடுத்து விசையைக் கேட்டால் இடது கை. கம்பி நகர்வதைக் கொடுத்து அதில் தூண்டப்படும் மின்னோட்டத்தைக் கேட்டால் வலது கை. இரண்டிலும் விரல்களின் பொறுப்பு ஒன்றேதான். சுட்டுவிரல் புலத்துக்கு, காந்த ஊசியும் திசையைச் சுட்டுகிறதல்லவா, அப்படி நினைவில் வைக்கலாம். தள்ளுவது பெருவிரல், அதாவது விசை அல்லது நகர்வு. மீதி நடுவிரல், மின்னோட்டம்.

சரி, இப்போது மலையைப் பாருங்கள். சேலத்தில் புவியின் காந்தப்புலம் கிட்டத்தட்ட கிடையாக, தெற்கிலிருந்து வடக்கு நோக்கி இருக்கிறது, அளவு ஏறக்குறைய 40 மைக்ரோடெஸ்லா. காந்த நடுக்கோடு நமக்குத் தெற்கே வெகுதூரத்தில் இல்லை, அதனால்தான் இந்தக் கிடைத்தன்மை. (கஞ்சமலைப் பக்கம் மாக்னடைட் பாறை உண்டு, அங்கே ஊசி கொஞ்சம் விலகினால் வியப்பில்லை. தேர்வுத்தாள் அதையெல்லாம் கேட்காது.) மாடியில் மேற்கிலிருந்து கிழக்காக 2 மீட்டர் கம்பி கட்டியிருக்கிறது, அதில் 5 ஆம்பியர் நேர் மின்னோட்டம் அதே திசையில் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். விசை எவ்வளவு, எந்தப் பக்கம்?

இடது கையை நீட்டுங்கள். சுட்டுவிரல் மலைக்கு, நடுவிரல் வலப்புறம், அதாவது கிழக்குக்கு. பெருவிரல் வானத்தைப் பார்க்கிறது. F = BIL என்ற கணக்கில் 0.00004 × 5 × 2, அதாவது 0.0004 நியூட்டன். இரண்டு அரிசி மணியின் எடைக்குச் சமம், கம்பி அசையக்கூட அசையாது. வலது கையில் செய்து பாருங்கள், பெருவிரல் தரையைக் காட்டும்.

இந்தக் கணக்கில் மூன்றாவதாக ஒரு விடையும் எனக்கு வரும்: ‘வடக்கே’. கை சரியாக இருந்தும் இது வரும். விடைத்தாளில் வரைபடம்போல வடக்கை மேலே குறித்துக்கொண்டு, பெருவிரல் ‘மேலே’ காட்டியதும் அதை அந்த மேல்முனையாகவே எடுத்துக்கொள்வதால் வருகிற தப்பு. புலமே வடக்கு நோக்கி இருக்கையில் விசை வடக்கே போகவே முடியாது, விசை எப்போதும் புலத்துக்குச் செங்குத்து. இது ஒன்று போதும், அந்த விடையை அடித்துவிடலாம். எழுதும்போதும் ‘மேலே’ என்று நிறுத்தாமல் ‘தரையிலிருந்து செங்குத்தாக மேல்நோக்கி’ என்று எழுதுங்கள். தாளுக்கு உள்ளே, வெளியே என்று வரும் படங்களில் பெருக்கல் குறி அம்பின் பின்பக்க இறகு, அதாவது உள்ளே போகிறது. புள்ளி அம்பின் முனை, நம்மை நோக்கி வருகிறது.

அதே கம்பியைத் திருப்பி மலையை நோக்கித் தெற்கு வடக்காகக் கட்டினால்? பலர் விரல்களை எப்படியாவது வளைத்து ஒரு திசையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. மின்னோட்டமும் புலமும் ஒரே கோட்டில் இருந்தால் விசை சுழி. கைவிதி வேலை செய்வது இரண்டுக்கும் இடையே கோணம் இருந்தால் மட்டுமே. கோணம் 30 பாகை என்றால் திசை அதேதான், அளவு மட்டும் பாதியாகும்.

ஒருமுறை ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் சண்டைக்கு வந்தான். “மிஸ், எங்கக்கா பன்னெண்டாவதுங்க, வலது கையிலதான் விசை கண்டுபிடிக்கிறா!” அக்கா செய்தது தப்பில்லை. மேல்வகுப்பில் வெக்டர் பெருக்கலுக்கு வலது கை விரல்களை மின்னோட்டத்தின் திசையில் நீட்டி, புலத்தின் பக்கம் மடக்கினால் பெருவிரல் விசையைக் காட்டும். ஃபிளமிங்கின் இடக்கை தரும் அதே விடைதான் வரும். ஆனால் அது மூன்று விரலை விறைப்பாக நிறுத்தும் முறை அல்ல. இரண்டையும் கலந்து, மூன்று விரல் அமைப்பை வலது கையில் செய்தால்தான் விடை தலைகீழாகும். ஒரு முறையை எடுத்துக்கொண்டு மாற்றாமல் இருங்கள்.

எலக்ட்ரான் வந்தால் நடுவிரலை அது போகும் திசைக்கு எதிராக வைக்க வேண்டும், அங்கேயே வேலை முடிந்தது. சில பிள்ளைகள் விரலையும் திருப்பிவிட்டு, ‘எதிர் மின்னூட்டம் ஆயிற்றே’ என்று கடைசி விடையையும் திருப்பிவிடுவார்கள். இரண்டு முறை திருப்பினால் புரோட்டானின் விடைதான் கிடைக்கும்.

கை சரியா என்று தேர்வறையிலேயே சோதிக்கலாம். தாளில் இரண்டு இணைகோடுகள் மேல்கீழாக வரையுங்கள், இரண்டிலும் மின்னோட்டம் தாளின் மேல்முனை நோக்கி. ஒரே திசையில் மின்னோட்டம் பாயும் இணைகம்பிகள் ஒன்றையொன்று ஈர்க்கும், இது தெரிந்த விஷயம். வலது கைப் பெருவிரலை இடப்பக்கக் கம்பியோடு வைத்தால் வலப்பக்கக் கம்பி இருக்கும் இடத்தில் புலம் தாளுக்குள் போகிறது. இப்போது இடது கை: சுட்டுவிரல் தாளுக்குள், நடுவிரல் மேல்முனைக்கு. பெருவிரல் இடப்பக்கம், அதாவது அந்த முதல் கம்பியை நோக்கி நிற்கும். விலகுகிற மாதிரி வந்தால் கைகளில் ஒன்று மாறியிருக்கிறது, பெரும்பாலும் வலது கையில் இன்னும் பேனா இருக்கும்.