விவேகம்: அரிஸ்டாட்டிலைப் படிப்பவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

அரிஸ்டாட்டிலின் நிக்கோமாக்கிய அறவியல் 10 பகுதிகள் கொண்ட நூல். துணிவு, ஈகை, தன்னடக்கம் என்று குணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசும் பகுதிகள் பலருக்கும் பிடித்துப்போகும். ஆறாவது பகுதி வறட்சியாகத் தெரியும் என்பதால் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் முன்னால் சொன்ன குணங்களெல்லாம் உண்மையில் எப்படி வேலை செய்கின்றன என்பதற்கான விடை அங்கேதான் இருக்கிறது. 'ஃப்ரோனெசிஸ்' என்று அவர் அழைக்கும் விவேகம் இல்லாமல் எந்த நற்குணமும் முழுமை பெறாது என்கிறார். அதைத் தாண்டிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை.

நல்ல மனம் இருந்தால் போதும் என்று நினைப்பது முதல் தவறு. பிறவியிலேயே தைரியசாலியாகவோ இரக்கக்காரராகவோ இருப்பவர்கள் உண்டு. அரிஸ்டாட்டில் இதை இயல்பான குணம் என்று மட்டும் சொல்கிறார். அது குழந்தைகளிடமும் விலங்குகளிடமும்கூட இருக்கிறது. பலசாலியான ஒருவன் கண் தெரியாமல் நடந்தால் அவன் விழுகிற விழுகையும் பலமாகத்தான் இருக்கும் என்பது இதற்கு அவர் தரும் உவமை.

இதை ஒரு மருத்துவமனை வார்டில் வைத்துப் பார்க்கலாம். நான் இட்டுக்கட்டிய நிகழ்ச்சிதான், ஆனால் மருத்துவர்களுக்குப் பழகிய ஒன்று. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்குக் கணையத்தில் முற்றிய புற்றுநோய் என்று முடிவு வந்திருக்கிறது. வராந்தாவில் மகன் மருத்துவரை மறிக்கிறார். "அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் டாக்டர், தாங்கமாட்டார்."

உண்மையைப் பெரிதாக மதிக்கும் இளம் மருத்துவர் ஒருவர், பக்கத்துப் படுக்கைக்காரர்கள் காதில் விழ, நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிடக்கூடும். இரக்க குணம் மிகுந்த இன்னொருவர், "சின்னப் புண்தான், சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடக்கூடும். இருவரிடமும் நல்ல குணம் இருக்கிறது, இருவரும் கெடுதலே செய்தார்கள்.

அனுபவசாலி முதலில் மகனிடம், "எதை நினைத்துப் பயப்படுகிறீர்கள்?" என்று கேட்கிறார். பிறகு உள்ளே போய், திரையை இழுத்துவிட்டு, நாற்காலியில் உட்காருகிறார். "உங்களுக்கு என்ன என்று நீங்கள் நினைக்கிறீர்கள், சார்?" பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மருத்துவரும் பேசவில்லை. "நல்லது இல்லை என்று தெரிகிறது. அடுத்த மாதம் பெண்ணுக்குக் கல்யாணம். அதுவரை நடமாட முடியுமா, அதை மட்டும் சொல்லுங்கள்." மருத்துவர் அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்கிறார். வலியை எப்படிக் கட்டுப்படுத்தலாம், எந்தச் சிகிச்சையைக் கல்யாணத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று விளக்குகிறார். மற்றதைப் பெரியவர் கேட்கும்போது மறைக்காமல் சொல்வதாக உறுதி கூறுகிறார். இங்கே பொய் எதுவும் இல்லை. எவ்வளவு, எப்போது, எந்தச் சொல்லில் என்பதை நேர்மை தானாகத் தீர்மானிக்காது, இரக்கமும் தீர்மானிக்காது. அதைச் செய்வது விவேகம். மற்ற குணங்களை அது வழிநடத்துகிறது என்பதற்கு இதுதான் பொருள்.

இந்தக் காட்சியை 'முழு உண்மைக்கும் முழு மௌனத்துக்கும் நடுவே பாதி உண்மை' என்று வாசித்தால் அது அடுத்த தவறு. நற்குணம் மிகைக்கும் குறைக்கும் நடுவில் இருக்கிறது என்று அரிஸ்டாட்டில் சொல்லும் நடுநிலையைக் கூட்டி வகுத்துப் பெறும் சராசரியாக எடுத்துக்கொள்வதை இன்றும் நிறையப் பார்க்கிறேன். அவரே இதை எதிர்பார்த்து ஓர் உதாரணம் வைத்திருக்கிறார். மினா என்ற பழைய கிரேக்க எடையில் ஒருவருக்கு 10 மினா உணவு அதிகம், 2 மினா குறைவு என்பதற்காகப் பயிற்சியாளர் எல்லோருக்கும் 6 என்று எழுதிக் கொடுக்கமாட்டார். மல்யுத்த வீரர் மைலோவுக்கு அது போதாது, புதிதாகப் பயிற்சிக்கு வருபவருக்கு அதுவே அதிகம். சில சமயம் முழு உண்மையையும் அந்த நிமிடமே சொல்வதுதான் சரியான அளவு. மேற்சொன்ன பெரியவரே "எத்தனை நாள் இருப்பேன்? சொத்தை எழுதி வைக்க வேண்டும்" என்று கேட்டிருந்தால், மழுப்புவது துரோகம்.

சாமர்த்தியத்தை விவேகம் என்று எடுத்துக்கொள்வதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. எடுத்த காரியத்தை முடிக்கத் தெரிவது சாமர்த்தியம். காரியம் நல்லதாக இருந்தால் அது பாராட்டுக்குரியது, கெட்டதாக இருந்தால் அது வெறும் கபடம். மகனை எதிர்க்காமல், நோயாளியையும் கலங்கவிடாமல், தன் வேலை சீக்கிரம் முடியும்படி பேசிச் சமாளிக்கிற மருத்துவர் சாமர்த்தியசாலி. வெளியிலிருந்து பார்த்தால் அவருக்கும் விவேகிக்கும் வித்தியாசம் தெரியாமல் போகலாம். யாருக்காகச் சமாளித்தார் என்று கேட்டால் தெரிந்துவிடும்.

விவேகம் எப்படி வளர்கிறது என்பதில்தான் மிகப் பெரிய குழப்பம். இளைஞர்கள் கணிதத்தில் வல்லவர்கள் ஆகலாம், விவேகி ஆக முடியாது என்கிறார் அரிஸ்டாட்டில். கணிதம் பொதுவானவற்றைப் பற்றியது. விவேகத்துக்குத் தனித்தனி நிலைமைகள் பழகியிருக்க வேண்டும், அதற்குக் காலம் வேண்டும். இதைப் படித்தவர்கள் நரைத்த தலையே சான்று என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அதே நூலின் முதல் பகுதியில், வயதில் இளையவனா குணத்தில் இளையவனா என்பதில் வித்தியாசம் இல்லை, குறை ஆண்டுகளில் இல்லை, உணர்ச்சி இழுத்த பக்கம் போகும் வாழ்க்கையில் இருக்கிறது என்று அவர் எழுதியதைக் கவனிப்பதில்லை. 30 ஆண்டு பணியில் ஒரே பேச்சை எல்லா நோயாளியிடமும் ஒப்பிக்கிற மருத்துவருக்கு நடந்திருப்பது வெறும் காலக்கழிவு.

அனுபவம் பார்வையாக மாறுவதற்கு என்ன நடக்க வேண்டும்? அந்த வார்டில் மூத்தவருக்குப் பின்னால் நின்ற பயிற்சி மருத்துவரை எடுத்துக்கொள்வோம். வெளியே வந்ததும், "அவர் பேசாமல் இருந்தபோது நீங்களும் ஏன் பேசவில்லை?" என்று அவர் கேட்க வேண்டும். "அவர் கை போர்வையை இறுக்கிப் பிடித்திருந்தது. ஏதோ சொல்ல வருகிறார் என்று தோன்றியது" என்பது போன்ற பதில் எந்தப் பாடநூலிலும் இருக்காது. கெட்ட செய்தியைச் சொல்வதற்கு ஆறு படிகள் கொண்ட 'ஸ்பைக்ஸ்' என்ற முறை 2000-ல் வெளியானது. நோயாளிக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று முதலில் கேட்கச் சொல்லும் அந்த முறை நல்ல முறைதான். ஆனால் போர்வையைப் பிடித்த கையை அது பார்க்காது. அடுத்த முறை பயிற்சி மருத்துவர் தானே பேசிப் பார்க்க வேண்டும், மறுநாள் அதே நோயாளியைப் போய்ப் பார்த்து, தான் சொன்னது என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள வேண்டும். வேறு வார்டுக்கு மாற்றப்பட்டு விளைவையே பார்க்காமல் போனால், எத்தனை பேரிடம் பேசியிருந்தாலும் கற்றது குறைவுதான். வளர்கிறதா என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு: "இந்த ஆளிடம் எந்த விஷயம் உங்கள் முடிவை மாற்றியது?" என்று கேட்டால் குறிப்பாக ஒன்றைச் சொல்ல முடியும்.

இதில் ஒரு சிக்கலை மறைக்கக் கூடாது. விவேகம் இல்லாமல் நல்லவராக முடியாது, நல்லவராக இல்லாமல் விவேகியாக முடியாது என்றும் அரிஸ்டாட்டில் சொல்கிறார். அப்படியானால் எங்கே தொடங்குவது? அவருடைய நூலிலிருந்து கிடைக்கும் பதில், இரண்டும் சேர்ந்தே வளர்கின்றன என்பது. காரணம் முழுதாக விளங்கும் முன்பே, நல்லவர்களிடம் பழகி நல்ல செயலைச் செய்து பழகுகிறோம். காரணம் பின்னால் பிடிபடுகிறது. அதனால்தான் அனுபவசாலிகள் நிரூபிக்காமல் சொல்வதையும் நிரூபணங்களுக்கு இணையாக மதிக்கச் சொல்கிறார், அனுபவம் அவர்களுக்குக் கண்ணைக் கொடுத்திருக்கிறது என்று. இந்த வரியைக் காட்டிச் சின்னவர்களின் வாயை அடைப்பவர்களும் இருக்கிறார்கள். செவிமடுக்கச் சொன்னாரே தவிர, "ஏன் பேசவில்லை?" என்று கேட்கக் கூடாது என்று அவர் எங்கும் சொல்லவில்லை.