24 சதவீதம், எதில்? ஆய்வறிக்கைச் சுருக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொரோனாக் காலத்தில் தமிழ்நாட்டுக் கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றல் எவ்வளவு பின்தங்கியது, பிறகு எவ்வளவு மீண்டது என்பதை அபிஜீத் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவரும் ஆராய்ந்தார்கள். தொடக்கப்பள்ளி வயதுடைய சுமார் 19,000 பிள்ளைகளைப் பற்றிய நீண்ட ஆய்வு அது. அதை முழுவதும் படிக்கத் தாளாளருக்கும் தலைமையாசிரியருக்கும் நேரம் இருக்காது. மாலை வகுப்பு வேண்டுமா, யாருக்கு வேண்டும் என்பதை ஒரு பக்கச் சுருக்கத்தை வைத்தே முடிவு செய்வார்கள். சுருக்கத்தில் நேரும் பிழை அப்படியே பள்ளியின் கால அட்டவணைக்குள் போய்விடும்.

பலரும் ஆய்வறிக்கையின் வரிசையிலேயே சுருக்கத்தையும் எழுதுகிறார்கள். பின்னணி, நோக்கம், மாதிரி தேர்ந்தெடுத்த முறை என்று முக்கால் பக்கம் போய்விடும். கண்டறிந்தது கடைசிப் பத்தியில் ஒதுங்கும். தாளாளர் முதல் பத்தியோடு நிறுத்திவிட்டால் அவர் கையில் எதுவும் இருக்காது. "பள்ளிகள் திறந்த 6 மாதங்களுக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது, மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது" என்பதே முதல் வாக்கியமாக வேண்டும். இரண்டாம் பாதியை விட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று பொருள்படும்.

அடுத்தது எண்கள். 2021 டிசம்பரில் சோதித்த பிள்ளைகள், 2019இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்தவர்களைவிடக் கணக்கில் 0.73 திட்ட விலக்கம் பின்தங்கியிருந்தார்கள், மொழியில் 0.34. திட்ட விலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு. அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிட்டால் படிப்பவர் தாண்டிப் போய்விடுவார். "73 சதவீதக் கற்றல் இழப்பு" என்று மாற்றினால் அது பொய்யாகிவிடும். மதிப்பெண்கள் வழக்கமான மணிவடிவில் பரவியிருப்பதாகக் கொண்டு அதை ஒரு வரிசையாக மாற்றிச் சொல்லலாம். 2019ஆம் ஆண்டுப் பிள்ளைகள் 100 பேரைக் கணக்கு மதிப்பெண்படி, குறைந்தவரில் தொடங்கி நிறுத்தினால் நடுத்தரப் பிள்ளை 50ஆவது இடத்தில் நிற்கும். 2021இன் நடுத்தரப் பிள்ளையை அதே வரிசையில் சேர்த்தால் ஏறத்தாழ 23ஆவது இடம்தான் கிடைக்கும். மொழியில் 37ஆவது இடம். மொழியைவிடக் கணக்குக்கு ஏன் கூடுதல் பாடவேளை ஒதுக்க வேண்டும் என்பதைத் தாளாளர் இப்போது தானே புரிந்துகொள்வார்.

நான் அதிகம் கவலைப்படுவது 24 சதவீதம் என்ற எண்ணைப் பற்றித்தான். மீண்டதில் ஏறத்தாழ 24 சதவீதம், தமிழ்நாடு அரசின் மாலை வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். இதை "திட்டத்தால் கற்றல் 24 சதவீதம் உயர்ந்தது" என்று எழுதுவது மிக எளிதில் நேரும் பிழை. இந்த 24 சதவீதம் மீண்ட பங்கில் ஒரு பகுதி. மீண்டதோ இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு. இரண்டையும் பெருக்கினால், முதலில் ஏற்பட்ட இழப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கைத்தான் திட்டம் ஈடுசெய்திருக்கிறது என்று தெரியும். தன்னார்வலர்கள் 3, 4 மாதங்கள் நடத்திய மாலை வகுப்புக்கு இது நல்ல பலன். ஆனால் மீண்டதில் பெரும்பகுதி அந்தத் திட்டத்தின் கணக்கில் சேராது. 24ஐத் தவறாகப் படிக்கும் தாளாளர், மாலை வகுப்பே எல்லாவற்றையும் சரிசெய்யும் என்று நம்பிப் பகல் வகுப்பைக் கவனிக்காமல் விடக்கூடும்.

சராசரியை மட்டும் சொல்லி நிறுத்துவதும் தவறு. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் இழந்தார்கள். பள்ளி திறந்த பிறகு அதிகம் மீண்டவர்களும் அவர்களே. திட்டத்தில் அவர்கள் கூடுதலாகச் சேர்ந்தது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறது ஆய்வு. யாருக்கு முதல் இடம் தருவது என்ற கேள்விக்கு இந்த ஆய்வில் கிடைக்கும் விடை இதுதான். இடம் போதவில்லை என்று வெட்டுபவர்கள் பெரும்பாலும் இந்த வரியைத்தான் வெட்டுகிறார்கள். பதிலாக முறையியல் பத்தியை வெட்டியிருக்கலாம்.

வரம்புகளுக்கு இரண்டு வாக்கியங்கள் போதும். ஆய்வு கிராமப்புறத் தொடக்கப்பள்ளி வயதினரைப் பற்றியது. நகர மேல்நிலைப் பள்ளிக்கு அப்படியே பொருத்த முடியாது. திட்டத்தின் பங்கு, குலுக்கல் முறையில் பிள்ளைகளைப் பிரித்துச் செய்த சோதனையிலிருந்து வரவில்லை. அவர்களின் முந்தைய மதிப்பெண்ணைக் கணக்கில் கொண்ட மதிப்பீடு அது. இவற்றை அடிக்குறிப்பில் வைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். பரிந்துரைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். அந்தப் பரிந்துரை ஆய்வாளர்களுடையதா, சுருக்கம் எழுதிய உங்களுடையதா என்பதும் அங்கேயே தெரிய வேண்டும்.

அனுப்புவதற்கு முன் அந்தப் பக்கத்தை, ஆய்வைப் படிக்காத ஓர் ஆசிரியரிடம் கொடுத்து, "24 சதவீதம் என்றால் எதில் 24?" என்று கேட்டுப் பாருங்கள். "மதிப்பெண்ணில்" என்று அவர் சொன்னால் அந்த வாக்கியத்தைத் திருத்தி எழுதி, மீண்டும் கொடுங்கள்.