கிளாவே எங்கே குறுக்கே விழுகிறது?

கியூபாவின் சன் இசையிலும் அதிலிருந்து வளர்ந்த சால்சாவிலும் கிளாவே என்ற தாள வடிவம் இரண்டு பார் நீளம். ஒரு பாரில் மூன்று அடி, மற்றதில் இரண்டு. எந்தப் பாரில் பாடல் தொடங்குகிறதோ அதைப் பொறுத்து 3-2 அல்லது 2-3 என்பார்கள். அடிகள் மனப்பாடம் ஆனதும் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

பியானோ திரும்பத் திரும்ப வாசிக்கும் மொன்டூனோவை எடுத்துக்கொள்வோம். ஒரு தட்டுக்கு இரண்டு கட்டம், ஒரு பாருக்கு எட்டுக் கட்டம். 2-3 கிளாவேயும், அதற்கு மேல் வழக்கமான மொன்டூனோவும்:

கிளாவே
```
· · ● · ● · · · | ● · · ● · · ● ·
```
பியானோ
```
● · ● ● · ● · ● | · ● · ● · ● · ●
```

இரண்டடிப் பாரில் கிளாவே 2, 3 ஆகிய தட்டுகளின் மேலேயே விழுகிறது. பியானோவும் அங்கேதான் 1, 2 தட்டுகளை நேராக அடிக்கிறது. மூன்றடிப் பாரில் பியானோ முழுக்க இடைவெளிகளில் ஓடுகிறது. கிளாவேயின் நடு அடியான பொம்போவில் இரண்டும் சந்திக்கின்றன. இதே மொன்டூனோவை ஒரு பார் தள்ளி வாசித்தால் நேரான பகுதி மூன்றடிப் பாரில் போய் உட்காரும். இரண்டடிப் பாரில் கிளாவேயின் இரண்டு அடிகளில் ஒன்றுகூடப் பியானோவைத் தொடாது. இதைத்தான் குருசாதோ, அதாவது குறுக்கே போனது என்கிறார்கள். தப்பா சரியா என்று தெரிய, ஒருவர் கிளாவே தட்டட்டும்; பியானோ முதல் தட்டில் நேராக இறங்கும் பார் எது என்று மட்டும் கேளுங்கள். அது இரண்டடிப் பாராக இருக்க வேண்டும்.

பாஸைக் கேட்டு, மூன்றடிப் பக்கமா இரண்டடிப் பக்கமா என்று கண்டுபிடிக்க முயல்வது வீண். பாஸின் வழக்கமான வடிவமான தும்பாவ் இரண்டாம் தட்டுக்கு அடுத்த இடைவெளியிலும் நான்காம் தட்டிலும் விழும், எல்லாப் பாரிலும் ஒரே மாதிரி. அது எந்தப் பக்கத்துக்கும் சாட்சி சொல்லாது.

இன்னொரு தவறு, புதிய பகுதி வந்ததும் கிளாவேயை முதலிலிருந்து தொடங்குவது. 3-2இல் எட்டுப் பார் பாட்டு, பிறகு ஐந்து பார் இடையிசை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 13. மூன்றடிப் பார்கள் ஒற்றை எண்களில் வருகின்றன, ஆகவே 14ஆம் பார் இரண்டடிப் பார். அடுத்த பகுதி 2-3இல் தொடங்குகிறது. கிளாவே திரும்பவில்லை, பாடல்தான் அதன் மேல் இடம் மாறிவிட்டது. 1940களில் நியூயார்க்கில், மச்சிட்டோவின் குழுவில் இசை இயக்குநராக இருந்த மரியோ பௌசா உருவாக்கிய பார்வை இது. கிளாவேக்காரர் தயங்கி ஒரு பாரை விழுங்கிவிட்டால் ஆர்கெஸ்ட்ரா முழுதும் ஒரே நொடியில் குருசாதோ.

ரும்பாவில் மூன்றாம் அடி அரைத்தட்டு பிந்தி வரும். சன் பாட்டில் அதைக் கலக்காதீர்கள். பிற்காலத்து டிம்பா குழுக்கள் சிலசமயம் வேண்டுமென்றே பக்கம் தாவுகின்றன. அதைக் கேட்டுவிட்டுப் பழைய சன் பாட்டில் செய்து பார்க்கிறவர்களுக்கு நடனக்காரர்களின் காலே பதில் சொல்லிவிடும்.