கேட்டில் 'சுருக்'னு இழுக்குதா? தெருவிளக்குக் கம்பத்திலிருந்து வரும் கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி

ராமேஸ்வரத்துக்கு முந்தின கடற்கரை ஊரான மண்டபம் பக்கம் இருக்கிற அத்தை வீட்டிலிருந்து கார்த்திகை மாதம் ஒரு போன். "ஏப்பா, கேட்டைத் தொட்டா சுருக்குன்னு இழுக்குதுப்பா. பகல்ல ஒண்ணுமில்ல, ராத்திரிதான்." வயரிங் வேலை செய்கிறவனுக்கு அந்தக் கடைசி வார்த்தையிலேயே பாதி விடை கிடைத்துவிடும். வீட்டு வாசலுக்கு மூன்றடி தள்ளித் தெருவிளக்குக் கம்பம். அன்று நான் செய்ததை அதே வரிசையில் எழுதுகிறேன். இதில் நீங்களே செய்யக்கூடியது கொஞ்சம்தான். கம்பத்தில் கை வைக்கிற வேலை எதுவும் அதில் கிடையாது.

படி 1: தொட்டுப் பார்ப்பதை நிறுத்துங்கள்

"லேசாத்தான் அடிக்குது" என்பதை நம்ப வேண்டாம். லேசாகத் தெரிவது உங்கள் காலடி காய்ந்திருப்பதால்தான், கசிவு சிறியது என்பதால் அல்ல. அத்தை வீட்டுக் கேட்டில் பின்னர் அளந்தபோது 68 வோல்ட் வந்தது. காய்ந்த மணலில் செருப்போடு நிற்கிறவர் வழியாக அது மண்ணுக்குப் போக வேண்டுமென்றால், தோல், செருப்பு, மணல் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 68,000 ஓம் தடை என்று வையுங்கள். உடம்பில் ஓடுவது ஒரு மில்லி ஆம்பியர், 'சுருக்' என்று உணர அது போதும். அதே கேட்டை மழையில் நனைந்த ஈரக்கையோடு, வெறுங்காலோடு ஒரு பிள்ளை பிடித்தால் தடை 1,500 ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். அப்போது ஓடுவது 45 மில்லி ஆம்பியர். பத்து மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பிடித்த கையை எடுக்க முடியாமல் போகலாம். முப்பதுக்கு மேல் சில நொடிகள் நீடித்தால் உயிருக்கு ஆபத்து. கேட் அதேதான், வோல்ட்டும் அதேதான். நடுவில் மாறியது ஈரம் மட்டும்.

எனவே முதலில் பிள்ளைகளையும் ஆட்டையும் மாட்டையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். கேட்டைத் திறக்க, காய்ந்த பிவிசி பைப்பால் தள்ளுங்கள். புறங்கையால் தட்டிப் பார்க்கிற பழைய வித்தை வேண்டாம்.

படி 2: எப்போது அடிக்கிறது என்று எழுதி வையுங்கள்

மீட்டர் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள், செலவே இல்லை. தெருவிளக்கு எரியத் தொடங்கும் நேரம், அணையும் நேரம், மழையும் பனியும் இருந்த நேரம், ஏற்கெனவே ஷாக் அடித்த நேரம், நான்கையும் குறித்தால் போதும், இதற்காக மறுபடி தொட வேண்டாம்.

விளக்கு எரியும்போது மட்டும் அடித்தால் சந்தேகம் தெருவிளக்குக்குப் போகும் வயர்மேல். இரவும் பகலும் அடித்தால் அது மெயின் லைன், வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர், அல்லது கம்பத்தை இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பி பக்கமாக இருக்கலாம். பனி விழுந்த விடியற்காலையில் மட்டும் என்றால் ஏதோ ஓரிடத்தில் உப்பு படிந்திருக்கிறது. கடற்காற்று கொண்டுவரும் உப்பு காய்ந்திருக்கும்வரை பெரிதாக மின்சாரம் கடத்தாது. ஈரம் பட்டதும் கடத்த ஆரம்பித்துவிடும். நம் ஊர்க் கரையில் வடகிழக்குப் பருவமழையோடு இந்தப் புகார்கள் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒன்றை மறக்காதீர்கள்: உங்கள் கேட் தூணில் பல்பு இருந்தால் அதுவும் இரவில்தான் எரியும். அதனால்தான் அடுத்த படி.

படி 3: உங்கள் வீடு குற்றவாளியா என்று பாருங்கள்

இரவில், தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் சோதிக்க வேண்டும். கசிவு மறைந்தால் கோளாறு வீட்டுக்குள்: கேட் விளக்கு, காலிங் பெல், மோட்டார் வயர், இவற்றில் ஒன்று. மறையாமல் நின்றால் வெளியிலிருந்து வருகிறது. சில பழைய வீடுகளில் மெயின் சுவிட்ச் பேஸை மட்டும் துண்டிக்கும், நியூட்ரலை விட்டுவிடும். அங்கே இந்தச் சோதனையை முழுதாக நம்ப முடியாது.

எதை வைத்துச் சோதிப்பது? டெஸ்டர் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். அதற்குள் இருக்கும் நியான் விளக்கு எரியவே ஏறத்தாழ 60, 70 வோல்ட் வேண்டும். 50 வோல்ட் இருக்கிற கேட்டில் டெஸ்டர் எரியாமலே இருக்கலாம், ஈரக்காலுக்கு அது போதுமான ஷாக். எரிந்தால் ஆபத்து என்று எடுத்துக்கொள்ளுங்கள். எரியாவிட்டால் பத்திரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மல்டிமீட்டரில் இப்படி அளக்க வேண்டும். பகலில், விளக்கு எரியாதபோதே, கேட்டிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஐந்தாறு மீட்டர் தள்ளி, இரண்டடி இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து இறக்குங்கள். கம்பத்தின் அருகில் அடித்தால் அந்த மண்ணிலேயே வோல்ட் ஏறியிருக்கும், அளவு குறைத்துக் காட்டும். மேல் மணல் காய்ந்திருக்கும், ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். மீட்டரின் கறுப்பு வயரை அதில் நீட்டு வயரால் இணைத்து, கைப்பிடி உறை நன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருட்டியதும் ரப்பர் செருப்போடு, காய்ந்த பலகைமேல் நின்று, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை ஒரே கையால் கேட்டில் தொடுங்கள். இன்னொரு கை முதுகுக்குப் பின்னால். பெயிண்ட் மேல் தொட்டால் பூஜ்யம் காட்டி ஏமாற்றும், தாழ்ப்பாள் உரசிப் பெயிண்ட் போன இடம் சரியாக இருக்கும். மழை பெய்தால் இந்த வேலையே வேண்டாம். கை நடுங்கினாலும் வேண்டாம், எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

அத்தை வீட்டில் பகலில் ஒரு வோல்ட்டுக்கும் கீழே. மாலை விளக்கு எரிந்ததும் 68. மெயினை அணைத்தேன், அப்போதும் 68.

"நம்ம வீட்ல இஎல்சிபி போட்டிருக்கே, அது ஏன் விழல?" என்றார் அத்தை. நல்ல கேள்வி. அது உங்கள் வீட்டு வயருக்குள் போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமா என்று மட்டும் பார்க்கும், சமமில்லாவிட்டால் சப்ளையைத் துண்டிக்கும். தெருவிளக்குக் கரண்ட் அதன் வழியாக வரவே இல்லை.

படி 4: தள்ளி நின்று வழியைத் தேடுங்கள்

கம்பத்துக்கும் கேட்டுக்கும் நடுவே உலோகத்தால் ஆனது ஏதாவது இருக்கிறதா? கேபிள் டிவி வயர், பந்தல் கட்டிய கட்டுக்கம்பி, விளம்பரத் தட்டி, கொடிக்கம்பி. அத்தை வீட்டில் துணி காயப்போடும் கொடிக்கம்பி. ஒரு முனை கேட் தூணின் கொக்கியில், மறுமுனை கம்பத்தைச் சுற்றிக் கட்டியிருந்தது. யார் எப்போது கட்டினார்கள் என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

கம்பமோ கான்கிரீட். பிறகு எப்படி? உச்சியில் விளக்கைத் தாங்கும் இரும்பு பிராக்கெட் இருக்கிறது. அதிலிருந்து ஒரு எர்த் கம்பி கம்பத்தை ஒட்டியே கீழே இறங்கி மண்ணுக்குள் போகும். கொடிக்கம்பி சுற்றியிருந்தது அந்த எர்த் கம்பியின் மேல். அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால், மண்ணும் காற்றும் சேரும் இடத்தில் எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்து நிற்கிறது. உப்பு மண்ணில் கம்பியை முதலில் தின்னும் இடம் அதுதான்.

உச்சியில் என்ன என்பது பிறகு லைன்மேன் ஏறியபோது தெரிந்தது. விளக்கு வயர் பிராக்கெட் பைப்புக்குள் நுழையும் வாயில், காற்றில் ஆடி ஆடி உறை தேய்ந்து செம்பு பைப்பைத் தொட்டிருந்தது. எர்த் நன்றாக இருந்திருந்தால், 5 ஓம் என்று வைத்தால்கூட 230 வோல்ட்டுக்கு 46 ஆம்பியர் பாய்ந்து பியூஸ் போயிருக்கும். தெரு இருண்டிருக்கும், அன்றைக்கே யாராவது வந்திருப்பார்கள். எர்த் அறுந்ததால் கரண்டுக்கு இருந்த ஒரே வழி கொடிக்கம்பியின் துருப்பிடித்த முடிச்சும் கேட்டின் அடி மண்ணும். இரண்டும் சேர்த்து 300 ஓம் என்று வையுங்கள். ஓடியது முக்கால் ஆம்பியர்தான். நாலைந்து தெருவிளக்கு கூடுதலாக எரிவதுபோல்தான் பியூஸுக்குத் தெரியும். 230இல் பெரும்பகுதி முடிச்சில் இறங்கிவிட, மிச்சம் 68 கேட்டில் நின்றது.

அப்படியென்றால் கம்பத்தில், கை எட்டும் உயரத்தில், அந்த எர்த் கம்பியில் நின்றது கிட்டத்தட்ட முழு 230.

படி 5: இந்த இரண்டையும் செய்யாதீர்கள்

கொடிக்கம்பியை நீங்களே அவிழ்க்க வேண்டாம். அவிழ்க்கும் கை முழு வோல்ட்டைத் தொடும். அவிழ்த்துவிட்டாலும் கேட் சரியாகும், கம்பம் அப்படியே இருக்கும். நாளை அதில் சாய்கிறவர் வேறு யாரோ.

இரண்டாவது, பக்கத்து வீட்டு அண்ணன் சொன்ன யோசனை: "கேட்டை நம்ம வீட்டு எர்த்தோட சேர்த்துட்டா போச்சு." நம் எர்த் குழி உண்மையிலேயே நன்றாக இருந்தால் வோல்ட் குறையும். கடற்கரை மணலில் பல வருடம் கவனிக்காத எர்த் குழி பெரும்பாலும் அப்படி இருக்காது. அப்போது கேட்டின் கசிவு வீட்டு எர்த் வயர் வழியாக பிரிட்ஜ் கதவுக்கும் வாஷிங் மெஷினுக்கும் வந்துவிடும். இஎல்சிபி அதையும் கவனிக்காது.

படி 6: புகாரைச் சரியாகச் சொல்லுங்கள்

விளக்கு பெரும்பாலும் உள்ளாட்சியின் பொறுப்பு, கம்பமும் லைனும் மின்வாரியத்தினுடையது. அதனால் இரண்டு இடத்திலும் சொல்லுங்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. "லைட் கோளாறு" என்று சொன்னால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். "கம்பத்தில் கரண்ட் கசிகிறது, கேட்டில் ஷாக் அடிக்கிறது" என்று தொடங்குங்கள். கம்பத்தில் எழுதியிருக்கும் எண், உங்கள் மின் இணைப்பு எண், விளக்கு எரியும்போது மட்டும் வருகிறது, மெயினை அணைத்தும் போகவில்லை, இத்தனை வோல்ட். இவ்வளவும் சொன்னால் வருகிறவருக்குப் பாதி வேலை மிச்சம்.

அதுவரை யாராவது மாட்டிக்கொண்டால், உங்கள் மெயினை அணைப்பதால் பயனில்லை. வெறுங்கையால் இழுக்காமல் காய்ந்த மரக்கட்டையாலோ பிவிசி பைப்பாலோ தள்ளி விடுவித்து 108ஐக் கூப்பிடுங்கள்.

படி 7: சரிசெய்தபின் மறுபடி அளங்கள்

லைன்மேன் சப்ளையை நிறுத்தி, வயரை மாற்றி, பைப் வாயில் ரப்பர் புஷ் வைத்து, புது எர்த் கம்பியை இறக்கினார். கொடிக்கம்பியை அவரே வெட்டிப் போட்டார். பகலில் அளந்து திருப்திப்பட வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, பனி விழுந்த விடியற்காலை நான்கரைக்கு, விளக்கு எரியும்போதே மறுபடி மீட்டர் வைத்தேன். 0.4 வோல்ட்.

துணிக்கு இப்போது வீட்டுச் சுவரிலிருந்து முருங்கை மரத்துக்கு நைலான் கயிறு. கேட்டை மட்டும் அத்தை இன்னும் பிவிசி பைப்பால்தான் தள்ளித் திறக்கிறார்.