நாலு பேர் எழுதினாலும் ஒரே கடையின் பேச்சு: வாடிக்கையாளர் மெசேஜைத் திருத்தி எழுதுவது எப்படி

கோயம்புத்தூரில் ஆர்.ஓ. தண்ணீர் ஃபில்டர் விற்று சர்வீஸ் செய்யும் சின்ன நிறுவனம் ஒன்றில், வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்குப் போகும் மெசேஜ்களைத் திருத்தி அனுப்புவது என் வேலையாக இருந்தது. எழுதித் தருபவர்கள் நாலு பேர். கணக்கு பார்க்கும் பெரியவர் எழுதினால் தாலுகா ஆபீஸ் கடிதம் மாதிரி இருக்கும். போன் எடுக்கும் தங்கச்சி பேசுவது போலவே எழுதி, கடைசியில் இரண்டு ஸ்மைலி போடும். டெக்னீஷியன் அண்ணன் நாலு வார்த்தையில் முடித்துவிடுவார். மேனேஜர் எழுதுவதோ ஆங்கிலத்தில் யோசித்த தமிழ்: ‘உங்கள் கோரிக்கை செயலாக்கத்தில் உள்ளது’. ஒரே வீட்டுக்காரருக்கு ஒரு வாரத்தில் இந்த நாலும் போனால், தான் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குக் குழம்பும்.

முதலில் பழசை எடுத்துப் போடுங்கள்

எடுத்தவுடன் திருத்த ஆரம்பிக்க வேண்டாம். ஏற்கனவே போன மெசேஜ்களில் முப்பதை ஒரே இடத்தில் ஒட்டி, எந்த மெசேஜுக்குப் பிறகு வாடிக்கையாளர் ‘புரியலையே’ என்று திரும்பப் போன் போட்டார் என்று குறியுங்கள். அதில் பாதி, பெரியவர் எழுதியதாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். பார்த்தால் மேனேஜருடையதுதான் அதிகம், ஏனென்றால் அவர் மெசேஜில் யார் எப்போது வருவார் என்பதே இருக்காது.

அப்புறம் ஐந்தே முடிவுகள்

‘அன்பாகவும் தெளிவாகவும் எழுதுவோம்’ என்று எழுதி சுவரில் ஒட்டினால் யாருக்கும் பயனில்லை. தமிழில் குரல் மாறுவது சில குறிப்பிட்ட இடங்களில்தான், அந்த இடங்களில் ஒரு முடிவெடுத்தால் போதும். எங்கள் தாள் அரைப் பக்கம்தான்.

எப்போதும் ‘நீங்கள்’, ‘தாங்கள்’ வேண்டாம். பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் சாரும் மேடமும் இல்லாமல் வெறும் ‘வணக்கம்’.

நிறுவனம் பேசும்போது ‘நாங்கள்’, ‘எங்கள்’. ‘நாம்’ வந்தால் அதில் வாடிக்கையாளரும் சேர்ந்துவிடுவார். ‘நாளை நாம் ஃபில்டரைக் கழற்றுவோம்’ என்று எழுதினால், ஸ்பேனரை அவர் எடுத்து வைக்க வேண்டுமா?

வினையில் எழுத்துத் தமிழ், ஆனால் இலகுவாக. ‘அனுப்பவும்’ என்பது நோட்டீஸ் போர்டு, ‘அனுப்புங்க’ என்பது போன் பேச்சு, நாங்கள் எடுத்தது ‘அனுப்புங்கள்’. கூடவே, யார் செய்வார் என்பது வாக்கியத்தில் இருக்க வேண்டும். ‘மாற்றித் தரப்படும்’ என்றால் யார் மாற்றித் தருவார்?

பொருளுக்கு ஒரே பெயர். ஒருவர் சவ்வு என்பார், ஒருவர் மெம்பிரேன், ஒருவர் ‘உள்ள இருக்கிற பெரிய ஃபில்டர்’. வாடிக்கையாளரின் பில்லில் என்ன பெயர் இருக்கிறதோ அதுதான். எங்களுக்கு மெம்பிரேன்.

‘நாளை’, ‘மறுநாள்’ தனியாக வரக்கூடாது. கிழமையும் தேதியும் சேர வேண்டும். இரவு 10 மணிக்கு அனுப்பிய ‘நாளை’யை அவர் காலையில் எழுந்து படித்தால் அது வேறு நாள்.

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தவறு ஒன்று, சரி ஒன்று என்று நிஜ மெசேஜிலிருந்தே எடுத்து எழுதுங்கள். விதி மறந்துபோனாலும் உதாரணம் ஞாபகத்தில் நிற்கும்.

திருத்தும் முறை: ஒன்றை எடுத்துச் செய்து பார்ப்போம்

டெக்னீஷியன் அண்ணன் அனுப்பியது இது:

‘மெம்ரேன் போச்சு. உள்ள 900 வெளிய 310. மாத்தணும் 2400. நாளைக்கு முடிஞ்சா வரேன் இல்ல புதன்’

புதிதாகச் செய்பவர்கள் இதன் மேலேயே கை வைத்து, ‘போச்சு’வைப் ‘பழுதாகிவிட்டது’ ஆக்கி, புள்ளி கமா சேர்த்து அனுப்பிவிடுவார்கள். அப்படிச் செய்தால் வார்த்தைதான் மாறும், எலும்பு அவருடையதாகவே இருக்கும். பெரியவரின் மெசேஜை அப்படித் திருத்தினால், சுருங்கிய தாலுகா ஆபீஸ் கடிதம் கிடைக்கும்.

நான் செய்வது இப்படி. முதலில் செய்தியை மட்டும் தனியாக உருவி எழுதுவேன். என்ன பழுது: மெம்பிரேன். எப்படித் தெரிந்தது: உள்ளே போகும் தண்ணீரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 900, வெளியே வருவதில் 310. எவ்வளவு: 2,400 ரூபாய். எப்போது: செவ்வாய் வரலாம், இல்லையென்றால் புதன். வாடிக்கையாளர் என்ன செய்ய வேண்டும்: அதைக் காணோம். 2,400இல் சர்வீஸ் கட்டணம் சேர்ந்ததா என்பதும் இல்லை. இரண்டையும் அண்ணனிடம் போன் போட்டுக் கேட்டேன். சேர்ந்ததுதான், சம்மதம் சொன்னால்தான் பொருளை எடுத்து வருவார். பிறகு அவருடைய மெசேஜைத் திரையிலிருந்து மறைத்துவிட்டு, இந்தக் குறிப்பை மட்டும் பார்த்து எழுதியது:

‘வணக்கம். உங்கள் ஃபில்டரின் மெம்பிரேனை மாற்ற வேண்டியுள்ளது. உள்ளே போகும் தண்ணீரில் டி.டி.எஸ். 900, வெளியே வருவதில் 310. மெம்பிரேன் நன்றாக இருந்தால் வெளியே வரும் அளவு 100க்குள் இருக்கும். மாற்ற ரூ.2,400, சர்வீஸ் கட்டணமும் இதில் அடக்கம். உங்களுக்குச் சம்மதம் என்றால் “சரி” என்று பதில் அனுப்புங்கள். எங்கள் டெக்னீஷியன் செவ்வாய் (12ஆம் தேதி) வர முயற்சி செய்வார். முடியாவிட்டால் புதன் (13ஆம் தேதி) வருவார்.’

அந்த ‘100க்குள்’ என்பதும் அண்ணனைக் கேட்டுச் சேர்த்ததுதான். மெம்பிரேன் நல்ல நிலையில் இருந்தால் உப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தடுத்துவிடும். அவருக்கு 310ஐப் பார்த்தாலே கதை புரியும், வீட்டுக்காரருக்குப் புரியாது. ஆனால் இப்படிச் சேர்ப்பதை நீங்களாகச் செய்யாதீர்கள். சில மெஷினில் சுவைக்காகக் கொஞ்சம் சுத்திகரிக்காத தண்ணீரைக் கலந்துவிடும் திருகு இருக்கும், அதைத் திறந்து வைத்திருந்தால் இந்தக் கணக்கே பொருந்தாது.

வாக்குறுதியின் எடையைத் தொடாதீர்கள்

நான் அடி வாங்கிய இடம் இது. வேறொரு தடவை அண்ணன் எழுதிய ‘முடிஞ்சா வரேன்’ எனக்கு அசட்டையாகத் தெரிந்தது. நிறுவனக் குரல் உறுதியாக இருக்கட்டும் என்று ‘டெக்னீஷியன் வருவார்’ என்று மாற்றி அனுப்பினேன். அந்த அம்மா அரை நாள் லீவு போட்டு வீட்டில் காத்திருந்தார், அண்ணன் பொள்ளாச்சியில் இருந்தார். திட்டு விழுந்தது அவருக்கு, தப்பு என்னுடையது.

அதனால் இப்போது அனுப்பும் முன் அவர்கள் எழுதியதையும் நான் திருத்தியதையும் பக்கத்தில் வைத்து, வருவார், வரலாம், வர முயற்சி செய்வார் போன்ற சொற்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். தங்கச்சியின் ‘கண்டிப்பா வந்துடும்’ இதற்கு எதிர்ப்பக்கம். அது அவர் பேச்சு வழக்கம், உறுதி இல்லை, அவரிடமே ‘கண்டிப்பாவா?’ என்று கேட்டுவிட வேண்டும். தொகை, தேதி, உறுதி மூன்றையும் எழுதியவரே ஒரு தடவை படித்து ஓகே சொன்ன பிறகுதான் மெசேஜ் போகும்.

திருத்தக்கூடாதவையும் உண்டு

பத்து வருடமாகப் பெரியவரை ‘அண்ணாச்சி’ என்று கூப்பிடும் வாடிக்கையாளர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வீட்டில் துக்கம் என்று பெரியவர் இரண்டு வரி எழுதினார் என்றால் அதை நிறுவனக் குரலுக்கு மாற்றுவது அபத்தம். அவர் பெயரிலேயே அப்படியே போகட்டும்.

சரியாக வருகிறதா என்று பார்க்க

மாதம் ஒருமுறை, திருத்தி அனுப்பிய பத்து மெசேஜைப் பெயரில்லாமல் கலைத்துப் போட்டு, ஆபீஸில் யாரையாவது ‘எது யார் எழுதியது?’ என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சரியாகச் சொன்னால் எந்த வார்த்தை காட்டிக்கொடுத்தது என்று கேளுங்கள். முதல் மாதம் எங்கள் ஆள் பத்தில் ஏழைப் பிடித்துவிட்டார். பெரியவரைக் காட்டிக்கொடுத்தது ‘பட்சத்தில்’. அதைத் தாளில் சேர்த்தோம். மூன்றாவது மாதம் மூன்றைத்தான் பிடித்தார், அதில் இரண்டு நான் எழுதியது என்றார். மெசேஜுக்கு மெசேஜ் ‘கூடவே’ போட்டிருந்தேனாம்.