நேரம் போதுமா என்று பார்க்க மொத்த மார்க்கை மட்டும் வகுத்துப் பார்க்காதீர்கள்

ஒரு தேர்வு முடிந்து விடைத்தாள்களைத் திருத்தும்போது, பலருடைய கடைசிப் பக்கம் ஒரே மாதிரி இருந்தது. x அச்சு, y அச்சு போட்டிருந்தார்கள். மூலையில் அளவுத்திட்டம் எழுதியிருந்தார்கள். இரண்டு மூன்று புள்ளிகள் வைத்திருந்தார்கள், அதோடு சரி. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் அங்கேயே நின்றிருந்தார்கள். வினாத்தாள் தயாரித்தவன் நான்தான். நேரக் கணக்குப் போடாமல் நான் அதைக் கொடுக்கவில்லை. போட்ட கணக்குதான் தவறு.

50 மார்க், 90 நிமிடம். வகுத்தால் மார்க்குக்கு 1.8 நிமிடம் வருகிறது, தாராளம் என்று நினைத்துவிட்டேன். முதல் தவறு இதுதான். வினாத்தாளை வாசிக்க ஐந்து நிமிடம், எழுதியதைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் கழித்தால் எழுதக் கிடைப்பது 80 நிமிடம். மார்க்குக்கு 1.6 நிமிடம்தான்.

இதைவிடப் பெரிய தவறு, இந்தச் சராசரியோடு நிறுத்திக்கொள்வது. எல்லாக் கேள்வியும் தன் மார்க்குக்குத் தகுந்த நேரத்தைத்தான் எடுக்கும் என்று அது வைத்துக்கொள்கிறது. கேள்வியின் வேலை எவ்வளவு என்பது அதற்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக நேரம் பார்க்க வேண்டும். அதற்கு ஒரே வழி, வினாத்தாளை நீங்களே உட்கார்ந்து எழுதிப் பார்ப்பது. விடை மனதில் இருக்கிறதே என்று கண்ணால் ஓட்டினால் பலன் இல்லை. மாணவர் எழுத வேண்டிய ஒவ்வொரு படியையும் பேனாவால் எழுதி, பகுதி முடியும்போதெல்லாம் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளி மாணவர்களுக்கு ஆசிரியரின் நேரத்தைப் போல மூன்று மடங்கு என்று பலரும் வைத்துக்கொள்வார்கள். சின்ன வகுப்பு என்றால் நான்கு மடங்கும் ஆகலாம்.

அந்த வினாத்தாளைப் பிறகு இப்படி எழுதிப் பார்த்தேன். பத்து ஒரு மார்க் கேள்விகளுக்கு எனக்கு 5 நிமிடம் ஆனது. ஐந்து இரண்டு மார்க் கேள்விகளுக்கும் 5 நிமிடம்தான். நான்கு ஐந்து மார்க் கேள்விகளுக்கு 11 நிமிடம். பத்து மார்க் வரைபடத்துக்கு மட்டும் 9 நிமிடம். மொத்தம் 30. மூன்றால் பெருக்கினால் 90 நிமிடம், ஆனால் கையில் இருப்பது 80.

எங்கே இடிக்கிறது என்பது பகுதியாகப் பிரித்ததும் தெரிந்தது. வரைபடம் தவிர்த்த 40 மார்க்குக்கு 63 நிமிடம், அதாவது மார்க்குக்கு 1.6 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. வரைபடத்தின் 10 மார்க்குக்கு 27 நிமிடம், மார்க்குக்கு 2.7. கேள்வி என்னவோ வழக்கமானதுதான்: y = x² − 2x − 3, x = −3 முதல் 5 வரை. ஆனால் ஒன்பது x மதிப்புகளுக்கும் x², −2x, −3 என்று வரிசை வரிசையாக அட்டவணை நிரப்ப வேண்டும். அதன் பிறகுதான் அச்சு, அளவுத்திட்டம், புள்ளி, வளைவரை, தீர்வு எல்லாம். என் 9 நிமிடத்தில் 4 நிமிடத்தை அட்டவணையே தின்றுவிட்டது.

இந்த இடத்தில் பலர் கேள்விக்கு மார்க்கைக் கூட்டிவிடுவார்கள். 10 மார்க்கை 15 ஆக்கினால் விகிதம் அழகாகிவிடும், ஆனால் வேலை குறையாது. கடிகாரத்தில் அந்த 27 நிமிடம் அப்படியேதான் இருக்கும். குறைக்க வேண்டியது வேலையை. மதிப்பைப் பிரதியிடத் தெரியுமா என்று இரண்டு மார்க் பகுதியில் ஏற்கெனவே கேட்டிருந்தேன். வரைபடத்தில் சோதிக்க நினைத்தது புள்ளி வைப்பதையும் தீர்வை வாசிப்பதையும். ஆகவே அட்டவணையை நிரப்பியே கொடுத்தால் போதும். எனக்கு 5 நிமிடம், மாணவருக்கு 15. மொத்தம் 78 நிமிடத்தில் அடங்கிவிட்டது.

சாய்ஸ் உள்ள வினாத்தாளில் இன்னொன்றையும் கவனியுங்கள். ‘ஏதேனும் நான்கு’ என்றால், ஆறில் எளிதான நான்கை எழுதிப் பார்த்து நேரம் சொல்லக்கூடாது. மாணவர் நீளமான நான்கையும் தேர்ந்தெடுக்கலாம், அதனால் அவற்றின் நேரத்தைத்தான் சேர்க்க வேண்டும். ஆறையும் வாசித்துத் தேர்ந்தெடுக்கும் நேரமும் கணக்கில் வர வேண்டும்.

மூன்று மடங்கு என்பது தொடக்கத்துக்கு மட்டும்தான். உங்கள் வகுப்புக்கு எத்தனை மடங்கு என்பதைத் தேர்வு முடிந்த விடைத்தாள்கள் சொல்லும். நடுவில் ஒரு கேள்வி விடுபட்டு, அதற்குப் பின்னால் உள்ளவை எழுதப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் தெரியாமல் விட்டது. கடைசியாக எழுதியது பாதியில் அறுந்து, கையெழுத்தும் சிதறியிருந்தால் நேரம் போதவில்லை. வினா எண் வரிசையை நம்பாமல் மாணவர் எழுதிய வரிசையைப் பாருங்கள். பெரிய கேள்விகளை முதலில் முடித்துவிட்டு ஒரு மார்க்கைக் கடைசிக்கு வைத்த மாணவருக்கு, அறுந்துபோவது வினாத்தாளின் முதல் பக்கமாக இருக்கும்.