வாட்டர்ஃபால் சார்ட்: பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும்போது பொய் சொல்லும் படம்

மாதக் கணக்கு முடிந்ததும் வருவாய் எப்படிப் படிப்படியாகக் குறைந்து லாபமாக நிற்கிறது என்று காட்ட வாட்டர்ஃபால் சார்ட் போடுவது வழக்கம். புதிதாகச் சேர்பவர்கள் முதல் சில மாதங்களில் போடுகிற சார்ட்களைப் பார்க்கும்போது, நாங்கள் ஒரு காலத்தில் வரிசையாக விழுந்த அதே குழிகளில் அவர்களும் விழுவது தெரிகிறது. தலைப்பில் எழுத்துப்பிழை, கண்ணைப் பறிக்கும் நிறம், அலகு போட மறப்பது எல்லாம் யார் கண்ணிலும் படும். அவற்றை விட்டுவிடுகிறேன். பார்க்கச் சரியாகவே இருந்து, தவறான சேதியைச் சொல்கிற சார்ட்தான் இங்கே விஷயம்.

கடைசிப் பட்டை அந்தரத்தில் தொங்குவது

எக்செல் 2016 முதல் வாட்டர்ஃபால் சார்ட் தனி வகையாகவே இருக்கிறது. அது எல்லா எண்ணையும் ஏற்றமாகவோ இறக்கமாகவோதான் எடுத்துக்கொள்ளும். மொத்த லாபம், நிகர லாபம் ஆகிய பட்டைகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக் செய்து `Set as total` கொடுங்கள். ஒரு கிளிக்கில் எல்லாப் பட்டைகளும் தேர்வாகிவிடும். இன்னொரு கிளிக் செய்தால்தான் அந்த ஒரு பட்டை மட்டும் பிடிபடும். நடுவில் புது வரி சேர்த்தால் இதை மறுபடி சரிபாருங்கள்.

செலவை நேர்மறை எண்ணாக விடுவது

கழித்தல் குறி போடுங்கள். அவ்வளவுதான்.

மறைந்த அடிப்பட்டையை நம்பி நஷ்டத்தைத் தொலைப்பது

இதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றும் எரிச்சல் மூட்டுகிற தவறு இது.

எக்செலில் தனி வகை வந்த பிறகும் பழைய முறை ஒழியவில்லை. காரணம் உண்டு. புது வகை சார்ட்டைப் பழைய பதிப்பில் திறந்தால் படம் வராது. சார்ட் கிடைக்காது என்று சொல்லும் ஒரு வெற்றுப் பெட்டிதான் வரும். அதே சார்ட்டில் ஒரு கோட்டையோ வேறு வகைப் பட்டையையோ சேர்க்கவும் முடியாது. அதனால் பல அலுவலகங்களில் யாரோ எப்போதோ செய்துவைத்த டெம்ப்ளேட் கைமாறிக்கொண்டே இருக்கிறது. அது அடுக்குப் பட்டை சார்ட். அடியில் நிறமில்லாத ஒரு பட்டை, அதன் மேல் நிறமுள்ள பட்டை. அடிப்பட்டைக்கு `No fill` கொடுத்து மறைத்துவிட்டால் மேலே இருப்பது மிதப்பது போலத் தெரியும். பெரும்பாலான டெம்ப்ளேட்களில் உள்ளே இருக்கும் சூத்திரம் இதுதான் (C-யில் தொடக்கம், D-யில் முடிவு):

```
அடிப்பட்டை:     =MIN(C2,D2)
தெரியும் பட்டை:  =ABS(D2-C2)
```

லாபத்திலேயே ஓடும்வரை இதில் ஒரு குறையும் இல்லை. அதுதான் ஆபத்து. வருடக்கணக்காகச் சரியாக வேலை செய்த சூத்திரத்தை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். வருவாய் 500. சரக்கின் அடக்கவிலை 320 போனால் மொத்த லாபம் 180. சம்பளம் 110 போக மிச்சம் 70. விளம்பரம் 95, இப்போது −25. தேய்மானம் 15, ஆக −40. அந்த மாதம் பழைய இயந்திரம் ஒன்றை விற்றதில் 60 லாபம். கடைசியில் நிகர லாபம் 20.

தொழில் நடத்தியதில் 40 நஷ்டம். இயந்திரத்தை விற்றுத்தான் தலை தப்பியது. படம் பார்ப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது இதுதான்.

டெம்ப்ளேட் என்ன வரையும்? விளம்பர வரியில் தொடக்கம் 70, முடிவு −25. அடிப்பட்டை −25, தெரியும் பட்டை 95. அடுக்குப் பட்டை சார்ட்டில் எக்செல் நேர்மறை எண்களைப் பூஜ்ஜியத்திலிருந்து மேல் நோக்கியும், எதிர்மறை எண்களைப் பூஜ்ஜியத்திலிருந்து கீழ் நோக்கியும் தனித்தனியாக அடுக்கும். ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றாது. ஆக மறைந்த −25 கீழே போய் யார் கண்ணுக்கும் தெரியாமல் நிற்கும். தெரியும் 95 பூஜ்ஜியத்தில் ஆரம்பித்து 95 வரை மேலே எழும்பும். 70-இலிருந்து −25 வரை இறங்க வேண்டிய பட்டை அது.

தேய்மானமும் அப்படியே. −25-க்கும் −40-க்கும் நடுவே இருக்க வேண்டியது, 0-க்கும் 15-க்கும் நடுவே சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். இயந்திர விற்பனை −40-இலிருந்து 20-க்கு ஏறுவதற்குப் பதில் 0-இலிருந்து 60 வரை நிற்கும். நிகர லாபம் 20 மட்டும் சரியான இடத்தில்.

மொத்தத்தில் ஒரு பட்டைகூட பூஜ்ஜியத்துக்குக் கீழே இல்லை. உயரங்கள் சரி, மேலே எழுதிய எண்கள் சரி, கடைசி விடை சரி. நஷ்டம் மட்டும் காணாமல் போய்விட்டது.

இது ஒரு கூட்டத்தில் திரையில் ஓடியதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பிரிவுக்குத் தொழில் நடத்தியதில் நஷ்டம் வந்த முதல் மாதம் அது. சார்ட்டைச் செய்த இளைஞர் எண்களை இரண்டு முறை சரிபார்த்திருந்தார், எல்லாம் ஒத்துப்போயிற்று. எதிரே இருந்தவர்கள் கடைசிப் பட்டையைப் பார்த்து, லாபம் குறைந்திருக்கிறது, பரவாயில்லை என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்கள். விளம்பரச் செலவைப் பற்றி நடந்திருக்க வேண்டிய பேச்சு அன்றைக்கு நடக்கவே இல்லை. அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டெம்ப்ளேட்டைக் கொடுத்தவர்கள் ஒருமுறையாவது நஷ்டத்தைப் போட்டுப் பார்த்திருக்கலாம் அல்லவா?

நிகர விடையே நஷ்டமாக இருந்தால் இன்னொரு கூத்து நடக்கும். செலவுப் பட்டைகள் எல்லாம் மேலே நிற்க, இந்தச் சூத்திரம் இல்லாமல் நேரடியாக எண் போட்ட கடைசிப் பட்டை மட்டும் திடீரென்று கீழே தொங்கும். ஏதோ பிசகு என்று புரியும். அப்போது சிலர் சூத்திரத்தைத் தொடாமல் கடைசி எண்ணை நேர்மறையாக்கிச் சிவப்பு அடித்துவிடுவார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

கண்டுபிடிக்க எளிய வழி: ஒவ்வொரு பட்டையும் முந்தைய பட்டை முடிந்த மட்டத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன படத்தில் சம்பளம் 70-இல் முடிகிறது. பக்கத்து விளம்பரப் பட்டையின் உச்சி 95-இல் நிற்கிறது. செலவு ஆன பிறகு மட்டம் எப்படி உயரும்? அங்கேயே பிடித்துவிடலாம். டெம்ப்ளேட் கைக்கு வந்த அன்றே ஒரு பிரதி எடுத்து, சம்பளத்தில் −400 என்று போட்டுப் பாருங்கள். பட்டைகள் பூஜ்ஜியக் கோட்டைத் தாண்டிக் கீழே போகவில்லை என்றால் அந்தக் கோப்பு உதவாது.

சரி, பழைய முறையில்தான் செய்ய வேண்டும் என்றால், கோட்டுக்கு மேலே உள்ள பங்கையும் கீழே உள்ள பங்கையும் பிரித்துவிட வேண்டும். B-யில் மாற்றம், C-யில் தொடக்கம், D-யில் முடிவு. செலவு வரிகளிலும் இயந்திர விற்பனை வரியிலும் C என்பது மேல் வரியின் D. D என்பது C-யும் B-யும் கூட்டியது. மொத்த லாபம், நிகர லாபம் வரிகளில் C பூஜ்ஜியம், D மேல் வரியின் D. வருவாய்க்கு C பூஜ்ஜியம், D 500. பிறகு நான்கு நெடுவரிசைகள்:

```
E2: =MAX(0,MIN(C2,D2))
F2: =MAX(0,MAX(C2,D2))-E2
G2: =MIN(0,MAX(C2,D2))
H2: =MIN(0,MIN(C2,D2))-G2
```

E, F, G, H நான்கையும் இதே வரிசையில் அடுக்குப் பட்டையாகப் போட்டு, E-க்கும் G-க்கும் `No fill` கொடுங்கள். F-க்கும் H-க்கும் ஒரே நிறம். இப்போது விளம்பரத்துக்கு E 0, F 70, G 0, H −25. பட்டை 70-இலிருந்து −25 வரை ஒரே துண்டாகத் தெரியும். தேய்மானத்துக்கு G −25, H −15. அது கோட்டுக்குக் கீழே, இருக்க வேண்டிய இடத்தில் தொங்கும்.

ஒரு சங்கடம் எண்களை எழுதுவதில் வரும். F, H இரண்டுக்கும் லேபிள் போட்டால் விளம்பரப் பட்டையில் 70 என்றும் −25 என்றும் இரண்டு எண்கள் தெரியும். −95 எங்கும் இராது. அதற்கு `=MAX(C2,D2)` என்று இன்னொரு நெடுவரிசை வைத்து, அதைக் கோட்டு வகையாகச் சேர்த்து, கோட்டை மறைத்துவிடுங்கள். அதன் லேபிளில் `Value From Cells` தேர்ந்து, காட்ட வேண்டிய எண்கள் உள்ள நெடுவரிசையைக் கொடுங்கள். `Value`-ஐ எடுத்துவிட்டு, இடத்தை `Above` என்று வைத்தால் லேபிள் எப்போதும் பட்டையின் உச்சிக்கு மேலேயே நிற்கும்.

இவ்வளவு சூத்திரம் வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி: C, D இரண்டையும் கோட்டு சார்ட்டாகப் போட்டு, கோடுகளை மறைத்து, `Up/Down Bars` சேர்ப்பது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே எக்செலே பட்டை வரையும். பூஜ்ஜியத்தைத் தாண்டுவது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஏறும் பட்டைக்கு ஒரு நிறம், இறங்கும் பட்டைக்கு ஒரு நிறம், அவ்வளவுதான் கிடைக்கும். மொத்த லாபத்துக்குத் தனி நிறம் வேண்டுமென்றால் அதைத் தனிப் பட்டையாகச் சேர்க்க வேண்டியிருக்கும். நான் பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துகிறேன்.

செயல்பாட்டு லாபத்துக்குத் தனிப் பட்டை வைக்காதது

சூத்திரம் சரியாக இருந்தாலும், மேலே சொன்ன கணக்கில் தேய்மானத்துக்கு அடுத்து இயந்திர விற்பனையைப் போட்டால் −40 என்ற எண் எங்கும் எழுதப்படாது. பார்ப்பவர்தான் பட்டையின் நுனியைப் பார்த்து ஊகிக்க வேண்டும். தொழிலில் வராத வரவு ஒன்று கணக்கில் இருந்தால், அதற்கு முன்பு ஒரு கூட்டுப் பட்டை அவசியம். அப்போது கோட்டுக்குக் கீழே −40, அப்புறம் +60, அப்புறம் 20.

"இதர" என்ற பட்டையில் வரவையும் செலவையும் கலப்பது

வரவு 60, செலவு 58. நிகரம் 2 என்று ஒரு கீற்று மட்டும் தெரியும். இரண்டாகப் பிரியுங்கள்.

அச்சை நடுவில் வெட்டுவது

வருவாய் 500-க்குப் பக்கத்தில் தேய்மானம் 15 ஒரு கோடு போலத்தான் தெரியும். அது பெரிதாகத் தெரிய வேண்டும் என்று அச்சை 100-இலிருந்து தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். முழுவதும் 100-க்கு மேலே மிதக்கும் பட்டைகளின் நீளம் ஒன்றுக்கொன்று பொருந்தி இருக்கும். ஆனால் வருவாய், மொத்த லாபம் போன்ற முழுப் பட்டைகள் அடியில் வெட்டுப்பட்டு, 500-க்கும் 180-க்கும் உள்ள வித்தியாசம் ஐந்து மடங்கு போலக் காட்டும். உண்மையில் அது மூன்று மடங்குகூட இல்லை. 100-க்குக் கீழே உள்ள பட்டைகளோ தெரியவே தெரியாது. அதைவிட, மொத்த லாபம் 180-ஐ முதல் பட்டையாக வைத்து அங்கிருந்து இரண்டாவது சார்ட் ஒன்று போடுங்கள். அச்சு பூஜ்ஜியத்தைத் தாண்டிக் கீழே போக இடம் இருக்கட்டும்.